மூலத்தில் 10, பின்னிணைப்பில் 5, திருத்தத்தில் 7.5: எந்த எண் செல்லும்?

செட்டிநாட்டில் பழைய வீட்டைப் புதுப்பிக்க ஒப்பந்தம் போடும் விதம் அநேகமாக எல்லா ஊரிலும் ஒன்றுதான். வக்கீல் ஸ்டாம்ப் பேப்பரில் ஏழெட்டுப் பக்கத்துக்கு மூல ஒப்பந்தத்தைத் தட்டச்சு செய்து கொடுப்பார். காண்ட்ராக்டர் எப்போதோ கொடுத்த கொட்டேஷனை அப்படியே பின்னால் வைத்துத் தைத்து, மேலே ‘பின்னிணைப்பு’ என்று எழுதிவிடுவார்கள். வேலை பாதியில் இருக்கும்போது ஏதாவது ஒரு பேச்சு வந்து, அது ஒரு பக்கத் திருத்த ஒப்பந்தமாகக் கையெழுத்தாகும். மூன்றையும் எழுதியது மூன்று பேர், மூன்று வெவ்வேறு நாட்களில். ஒரே விஷயத்துக்கு மூன்று எண்கள் வருவது இப்படித்தான்.

அப்படி வந்தால் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, “இந்த மூன்றில் எது பெரிது?” என்பது. இங்கேதான் வழி தவறுகிறது. திருத்தம் என்பது மற்ற இரண்டோடு போட்டிக்கு வரும் மூன்றாவது காகிதம் கிடையாது. தான் தொடும் ஷரத்துக்குள் போய் உட்கார்ந்து, அந்த ஷரத்தாகவே மாறிவிடுகிறது. ஆகவே ஒப்பிட வேண்டியவை எப்போதும் இரண்டுதான்: திருத்தத்தோடு சேர்த்துப் படித்த மூலமும், பின்னிணைப்பும். இதைப் பிடித்துக்கொண்டால் பாதி வழக்கு அங்கேயே கரைந்துவிடும். மீதியை எப்படித் தீர்ப்பது என்பதை ஓர் உதாரணத்தை வைத்துப் படிப்படியாகப் பார்க்கலாம்.

உதாரணம்

கானாடுகாத்தான் பக்கம் மூன்று பங்காளிகளுக்குப் பொதுவான ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு மூன்றிலும் சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்திருக்கிறது. ஓட்டுக்கூரை ஒழுகுகிறது. இரண்டாங்கட்டின் தளத்தைப் பெயர்த்து ஆத்தங்குடிக் கல் பதிக்க வேண்டும். ஒப்பந்தம் 10-1-2025 அன்று கையெழுத்தாகிறது. தகராறு வருவது பிடித்தத் தொகையில், அதாவது ஒவ்வொரு பில்லிலும் வீட்டுக்காரர் ஒரு பகுதியை நிறுத்தி வைத்து, பின்னால் குறை எதுவும் தெரியாவிட்டால் விடுவிக்கும் பணத்தில். காண்ட்ராக்டர்கள் ரிடென்ஷன் என்பார்களே, அதுதான்.

மூல ஒப்பந்தத்தின் 11-வது ஷரத்து இப்படி இருக்கிறது: “ஒவ்வொரு பில்லின் வேலை மதிப்பிலும் 10 சதவீதம் பிடித்தம் செய்யப்பட்டு, வேலை முழுவதும் ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து 12 மாதம் கழித்து விடுவிக்கப்படும்.” பின்னிணைப்பு 2, காண்ட்ராக்டரின் ஐந்து பக்கக் கொட்டேஷன். அதன் நான்காம் பக்கத்தில் “பிடித்தம் 5%, தளம் துடைத்து எண்ணெய் போட்டு ஒப்படைத்த 90 நாளில் விடுவிப்பு” என்று ஒரு வரி. 28-3-2025 அன்று கையெழுத்தான திருத்தம் இப்படிச் சொல்கிறது: “1-4-2025 முதல் சமர்ப்பிக்கப்படும் பில்களுக்கு, 11-வது ஷரத்தில் 10 சதவீதம் என்பது 7.5 சதவீதம் என மாற்றப்படுகிறது. ஏனைய ஷரத்துகளும் பின்னிணைப்புகளும் மாற்றமின்றித் தொடரும்.”

நாலாவது பில் வந்தபோது காண்ட்ராக்டர் வளவில் உட்கார்ந்து சொல்கிறார்: “ஆச்சி, பின்னிணைப்புல அஞ்சுன்னு இருக்கு. பின்னிணைப்பு மாற்றமில்லாமத் தொடரும்னு திருத்தத்துலயே போட்டிருக்கு. அப்ப மொதல் பில்லுல இருந்தே அஞ்சுதான? பிடிச்சதுல பாதியத் திருப்பிக் குடுங்க.” சென்னையிலிருந்து பங்காளி ஒருவர் போனில் சொல்கிறார்: “மார்ச்சுல செஞ்ச வேலைக்குப் பத்துதான். அதுக்கப்புறம் எல்லாத்துக்கும் ஏழரை. அஞ்சுங்கற பேச்சே கிடையாது.” இரண்டு பேரிடமும் காகிதம் இருக்கிறது. இரண்டு பேர் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

1. கையெழுத்தான பிரதிகளை மட்டும் எடுங்கள்

வாட்ஸ்அப்பில் வந்த பிடிஎஃப், வக்கீல் அனுப்பிய வரைவு, பென்சிலில் குறித்த நகல் எல்லாவற்றையும் ஒதுக்கி வையுங்கள். எல்லாத் தரப்பும் கையெழுத்திட்ட பிரதி மட்டும் மேஜைக்கு வரட்டும். வரைவுக்கும் கையெழுத்துப் பிரதிக்கும் இடையே ஒரு ஷரத்து கூடியோ குறைந்தோ இருந்தால் எண் வரிசை நகர்ந்திருக்கும். அப்போது திருத்தம் சொல்லும் “11-வது ஷரத்து” கையெழுத்துப் பிரதியில் காப்பீட்டைப் பற்றியதாக இருக்கும், பிடித்தம் 12-க்குப் போயிருக்கும். இது அடிக்கடி நடக்கிறது. அந்த நிலையிலும் திருத்தம் வீணாகிவிடாது. “10 சதவீதம் என்பது” என்று பழைய சொற்களையும் சேர்த்து எழுதியிருந்தால், எந்த ஷரத்தைச் சொல்கிறது என்பதில் சந்தேகம் வராது. எண்ணை மட்டும் எழுதியிருந்தால்தான் சங்கடம்.

அடுத்து, கையெழுத்துப் போட்டவர் யார் என்று பாருங்கள். மூல ஒப்பந்தத்தில் மூன்று பங்காளிகளும், திருத்தத்தில் மூத்தவர் ஒருவர் மட்டும் கையெழுத்திட்டிருப்பது பொது வீடுகளில் சாதாரணம். மற்ற இருவர் சார்பில் செயல்பட அவருக்கு அதிகாரம் எங்கே கொடுக்கப்பட்டது? மூல ஒப்பந்தத்திலேயே அப்படி ஒரு ஷரத்து இருக்கலாம், தனியாகப் பவர் பத்திரம் இருக்கலாம். இரண்டும் இல்லையென்றால் 7.5-ஐப் பற்றிப் பேசுவதற்கு முன் மற்ற இருவரின் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். நம் உதாரணத்தில் 2-வது ஷரத்து மூத்தவருக்கு அந்த அதிகாரத்தைத் தருகிறது என்று கொள்வோம்.

பின்னிணைப்பின் பக்கங்களில் இரு தரப்பின் சுருக்கொப்பம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். மூல ஒப்பந்தம் “பின்னிணைப்பு 2 இதன் பகுதியாகும்” என்று சொல்லியிருந்தால் சுருக்கொப்பம் இல்லாவிட்டாலும் அது பகுதிதான். ஆனால் எந்தத் தேதியிட்ட கொட்டேஷன் என்பதில் சண்டை வரும். காண்ட்ராக்டர் மூன்று கொட்டேஷன் கொடுத்திருப்பார்.

2. அந்தச் சொல் வரும் இடத்தையெல்லாம் வரியோடு எழுதுங்கள்

எண்ணை மட்டும் குறிக்க வேண்டாம். முழு வரியையும் அப்படியே பெயர்த்து எழுதுங்கள். எந்த வேலைக்கு, எதன் மேல் கணக்கு, எந்த நாளிலிருந்து என்று மூன்று கட்டங்கள் போடுங்கள்.

| இடம் | எண் | எந்த வேலைக்கு | எதன் மேல் | எப்போதிலிருந்து |
|---|---|---|---|---|
| மூலம், ஷரத்து 11 | 10% | ஒவ்வொரு பில்லும் | வேலை மதிப்பு | 10-1-2025 |
| பின்னிணைப்பு 2, பக்கம் 4 | 5% | சொல்லவில்லை | சொல்லவில்லை | சொல்லவில்லை |
| திருத்தம் | 7.5% | ஷரத்து 11 பொருந்தும் பில்கள் | வேலை மதிப்பு (ஷரத்து 11-ன்படி) | 1-4-2025 முதல் சமர்ப்பிக்கப்படும் பில்கள் |

‘சொல்லவில்லை’ என்று விழும் கட்டங்களில்தான் தகராறு குடியிருக்கிறது. இங்கே பின்னிணைப்பின் வரி மூன்று கேள்விக்கும் வாய் திறக்கவில்லை.

‘எதன் மேல்’ என்ற கட்டத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். வேலை மதிப்பு 8 லட்சம் என்றால், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்த பில் தொகை 9,44,000. முதலாவதன் மேல் ஏழரை சதவீதம் 60,000 ரூபாய், இரண்டாவதன் மேல் 70,800 ரூபாய். விகிதத்தைக் குறைத்துவிட்டோம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, ‘வேலை மதிப்பு’ என்ற இடத்தில் ‘பில் தொகை’ என்று மாறியிருப்பதைக் கவனிக்காமல் விட்டால், குறைத்ததில் பாதிக்கு மேல் பின்வாசல் வழியாகத் திரும்பிப் போய்விடும். நம் திருத்தம் விகிதத்தை மட்டும் மாற்றியது, அடிப்படையைத் தொடவில்லை. அதனால் வேலை மதிப்புதான் கணக்கு.

3. திருத்தத்தை மூலத்துக்குள் போட்டு எழுதுங்கள்

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-ன் 62-வது பிரிவு, தரப்புகள் ஒத்துக்கொண்டு ஒப்பந்தத்தை மாற்றினால் மாற்றப்பட்ட பழைய கடமையை நிறைவேற்றத் தேவையில்லை என்கிறது. நடைமுறையில் இதன் பொருள்: 11-வது ஷரத்தை ஒரு வெள்ளைத் தாளில் புதிதாக எழுதிப் பாருங்கள். “31-3-2025 வரை சமர்ப்பிக்கப்பட்ட பில்களுக்கு 10 சதவீதம், 1-4-2025 முதல் சமர்ப்பிக்கப்படும் பில்களுக்கு 7.5 சதவீதம். வேலை முழுவதும் ஒப்படைத்த 12 மாதம் கழித்து விடுவிப்பு.” இதுதான் இன்றைய மூலம். இனி திருத்தக் காகிதத்தை மூடி வைத்துவிடலாம்.

எழுதும்போது திருத்தத்தின் வினைச்சொல்லைக் கவனியுங்கள். “என மாற்றப்படுகிறது” என்றால் பழையது போய்விட்டது. “சேர்க்கப்படுகிறது” என்றால் பழையதும் நிற்கிறது, புதியதும் நிற்கிறது. “இந்த வேலைக்கு மட்டும் தளர்த்தப்படுகிறது” என்றால் பொது விதி அப்படியே இருக்க, அதிலிருந்து ஒரு விலக்கு பிறக்கிறது.

தேதியில் இன்னொரு நுட்பம். மூன்றாவது பில் மார்ச்சில் செய்த சுண்ணாம்பு வேலைக்கு, ஏப்ரல் 4 அன்று கொடுக்கப்பட்டது, ஏப்ரல் 20-ல் பணம் போனது. வேலை நடந்த நாள், பில் கொடுத்த நாள், பணம் கொடுத்த நாள் என்று மூன்று நாட்கள். திருத்தம் “சமர்ப்பிக்கப்படும் பில்கள்” என்கிறது, ஆகவே ஏப்ரல் 4 தான் கணக்கு, ஏழரைதான் விகிதம். சென்னைப் பங்காளியின் “மார்ச்சு வேலைக்குப் பத்து” என்ற வாதம் இங்கே விழுகிறது. அவர் வாதம் நிற்க ஒரு வழி உண்டு. குறைந்த விகிதம் கிடைக்கட்டும் என்று காண்ட்ராக்டர் பில்லை வேண்டுமென்றே இழுத்தடித்திருந்தால், பில் கொடுக்க வேண்டிய கெடுவைக் காட்டி மறுக்கலாம். நம் ஒப்பந்தம் ஒரு மாத வேலைக்கு அடுத்த மாதம் 5-ம் தேதிக்குள் பில் கொடுக்கச் சொல்கிறது. அவர் 4-ம் தேதி கொடுத்துவிட்டார். குறை சொல்ல இடமில்லை.

அதேபோல, முதல் இரண்டு பில்களில் பிடித்த பத்து சதவீதத்தில் இரண்டரையைத் திருப்பித் தரவும் தேவையில்லை. முன்னால் பிடித்ததை மறுகணக்குப் போடுவதாகத் திருத்தத்தில் ஒரு சொல் கிடையாது. ‘முதல்’ என்று தேதி போட்டிருப்பதே முன்னோக்கித்தான் பார்க்கிறது என்பதற்கு அடையாளம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. புதுப்பிப்பு வேலைக்கான ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை. ஆனால் அதே வீட்டை ஹோட்டல் நடத்துபவருக்குப் பல ஆண்டுக் குத்தகைக்கு விட்டிருந்தால் கதை வேறு. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவுச் சட்டம், 1908-ன் 17-வது பிரிவின்படி பதிவாக வேண்டும். பதிவான பத்திரத்துக்கு மாறாக “அப்புறம் வாயால பேசி வாடகையைக் குறைச்சுக்கிட்டோம்” என்று நிரூபிக்க, பாரதிய சாட்சிய அதிநியமம், 2023-ன் 95-வது பிரிவு இடம் தராது. பழைய சாட்சியச் சட்டத்தில் 92-வது பிரிவாக இருந்ததும் இதேதான். குத்தகையில் வாடகையையோ காலத்தையோ மாற்றும் திருத்தத்தையும் பதிவு செய்துவிடுங்கள்.

4. இப்போது பின்னிணைப்பின் பக்கத்தை முழுதாகப் படியுங்கள்

கையில் இரண்டுதான் இருக்கின்றன: பத்திலிருந்து ஏழரைக்கு வந்த மூலமும், ஐந்து என்று சொல்லும் பின்னிணைப்பும். எது பெரிது என்று கேட்கும் நேரம் இன்னும் வரவில்லை. ஐந்து என்ற வரி எதைப் பற்றிப் பேசுகிறது என்பதை முதலில் தீர்க்க வேண்டும்.

கொட்டேஷனைப் பிரித்துப் பாருங்கள். முதல் மூன்று பக்கம் சுண்ணாம்புப் பூச்சு, ஓடு, மரவேலை. நான்காம் பக்கம் தலைப்பு ‘தளம்: ஆத்தங்குடிக் கல்’. கீழே சதுர அடி, கல் விலை, பதிக்கும் கூலி, பார்டர் கல் தனியாக. அட்டவணை முடிந்ததும், மொத்தத் தொகைக்கு நேர் கீழே இந்த வரி. ஐந்தாம் பக்கத்தில்தான் ‘பொது நிபந்தனைகள்’ வருகிறது: தண்ணீர், கரண்ட் வீட்டுக்காரர் தர வேண்டும், சாரக்கட்டு காண்ட்ராக்டர் பொறுப்பு, இப்படி. பிடித்தத்தைப் பற்றி அந்தப் பக்கத்தில் பேச்சே இல்லை.

வரி நிற்கும் இடம் ஒரு சாட்சி. வரியின் உள்ளடக்கம் இன்னொரு சாட்சி. “தளம் துடைத்து எண்ணெய் போட்டு ஒப்படைத்த 90 நாளில்” என்பது சுண்ணாம்புப் பூச்சுக்கோ ஓட்டுக்கோ பொருந்தாத பேச்சு. மூன்றாவது சாட்சி, வேலையின் தன்மை. ஆத்தங்குடிக் கல் கண்ணாடித் தகட்டின் மேல் வார்த்துச் செய்வது, சூளையில் சுடுவது கிடையாது. கல் ஆடுவது, மட்டம் தவறியது, வண்ணம் திட்டுத்திட்டாகத் தெரிவது எல்லாம் ஆள் நடமாடத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே தெரிந்துவிடும். சுண்ணாம்பு அப்படி இல்லை. அது மெதுவாக இறுகுவது. ஐப்பசி கார்த்திகை மழை ஒரு சுற்று வந்து போனால்தான் எங்கே ஈரம் ஏறுகிறது, எங்கே உப்புகிறது என்று தெரியும். ஓடு ஒழுகுகிறதா என்பதும் அப்படித்தான். ஆகவே பூச்சுக்கும் கூரைக்கும் பன்னிரண்டு மாதமும் தளத்துக்கு 90 நாளும் என்று பிரித்து வைத்ததில் அர்த்தம் இருக்கிறது.

மூன்று சாட்சியும் ஒரே பக்கம் கைகாட்டுகின்றன. ஐந்து சதவீதம் தள வேலைக்கு மட்டும். அப்படியானால் மூலத்துக்கும் பின்னிணைப்புக்கும் முரண்பாடு இல்லை. ஒன்று பொது விதி, மற்றது ஒரு வேலைக்கான சிறப்பு விதி. சிறப்பு விதி தன் எல்லைக்குள் பொது விதியை விலக்கும். திருத்தம் 11-வது ஷரத்தை மட்டும் தொட்டது, பின்னிணைப்பைத் தொடவில்லை என்று தானே சொல்லியும் விட்டது. ஆகவே தளத்துக்கு ஐந்து நிற்கிறது. காண்ட்ராக்டர் சொன்னதில் இவ்வளவுதான் உண்மை. முதல் பில்லிலிருந்தே ஐந்து என்பது பொருந்தாது.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 11-வது ஷரத்து “ஒவ்வொரு பில்லின்” என்று தொடங்குகிறது. ‘ஒவ்வொரு’ என்ற சொல் தளப் பில்லையும் வளைத்துப் பிடிக்கிறதே என்று கேட்கலாம். அப்படிப் படித்தால் பின்னிணைப்பின் வரிக்கு வேலையே இல்லாமல் போகும். இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்ட ஒரு வரியை ஒன்றுமில்லாமல் ஆக்கும் வாசிப்பை விட, இரண்டு வரியும் பிழைக்கும் வாசிப்பையே நீதிமன்றங்கள் தேடும்.

கணக்கு

முதல் பில் 9 லட்சம், இரண்டாவது 12 லட்சம், இரண்டும் மார்ச் முடிவதற்குள் கொடுக்கப்பட்டவை. பத்து சதவீதம் வீதம் 90,000-ம் 1,20,000-ம். மூன்றாவது பில் 8 லட்சம், ஏழரை சதவீதம், 60,000. இந்த மூன்றிலும் தள வேலை கிடையாது. நாலாவது பில் 10 லட்சம், அதில் தளம் 4 லட்சம், மற்றவை 6 லட்சம். தளத்துக்கு ஐந்து சதவீதம் 20,000, மற்றதற்கு ஏழரை சதவீதம் 45,000, ஆக 65,000.

மொத்தப் பிடித்தம் 3,35,000 ரூபாய். காண்ட்ராக்டர் கேட்டபடி எல்லாவற்றுக்கும் ஐந்து என்றால் 1,95,000. சென்னைப் பங்காளி சொன்னபடி போட்டால் 3,65,000. விடுவிக்கும் நாளும் பிரியும். தளத்தின் 20,000 ரூபாய் தளத்தை ஒப்படைத்த 90 நாளில் போக வேண்டும், மீதி 3,15,000 முழு ஒப்படைப்புக்குப் பிறகு 12 மாதத்தில். விகிதத்தைச் சரியாகப் பிடித்துவிட்டு, விடுவிக்கும் நாளில் கோட்டை விடுபவர்கள் நிறைய. திருத்தம் காலத்தைத் தொடவில்லை என்பதை மறக்க வேண்டாம்.

5. உண்மையாகவே முரண்பட்டால்

அதே ஐந்து சதவீத வரி நான்காம் பக்கத்தில் இல்லாமல், ஐந்தாம் பக்கப் பொது நிபந்தனைகளில் “பிடித்தம் 5%” என்று மொட்டையாக நின்றிருந்தால்? அப்போது இரண்டும் எல்லா வேலைக்கும் பேசுகின்றன. ஒரே ரூபாயின் மேல் இரண்டு விகிதம் ஒன்றாக நிற்க முடியாது. இப்போதுதான் “எது பெரிது” என்ற கேள்விக்கு வேளை வருகிறது.

ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் முன்னுரிமை ஷரத்து இருக்கிறதா என்று தேடுங்கள். “மூல ஒப்பந்தத்துக்கும் பின்னிணைப்புக்கும் முரண்பாடு வந்தால் மூல ஒப்பந்தமே செல்லும்” என்பது வழக்கமான வாசகம். இது இருந்தால் ஐந்து போய்விட்டது. நாலாவது பில் முழுவதற்கும் ஏழரை, மொத்தப் பிடித்தம் 3,45,000. திருத்தம் என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லையே என்று யாராவது கிளப்பினால் மூன்றாம் படியைக் காட்டுங்கள். அது ஏற்கெனவே மூலத்துக்குள் போய்விட்டது. சில வரைவுகளில் இதைத் தலைகீழாக, “பின்னிணைப்பின் சிறப்பு நிபந்தனைகளே செல்லும்” என்றும் எழுதுவார்கள். ஞாபகத்தை நம்பாமல் வரியைப் படித்துவிடுங்கள்.

முன்னுரிமை ஷரத்தே இல்லாவிட்டால், நான் முதலில் பார்ப்பது சட்டப் புத்தகத்தை அல்ல, பழைய பில்களை. முதல் பில்லில் காண்ட்ராக்டரே தன் கையால் “கழிவு: பிடித்தம் 10%” என்று எழுதி, மீதிப் பணத்தை மறுப்பில்லாமல் வாங்கியிருக்கிறாரா? இரண்டாவது பில்லிலும் அப்படித்தானா? அப்படியென்றால், ஐந்து என்பதை அவரே பொது விதியாக எண்ணவில்லை என்று வாதிட அதுவே வலுவான ஆதாரம். வீட்டுக்காரர்கள் இரண்டு பில்லுக்கு ஐந்து மட்டும் பிடித்துக் கொடுத்திருந்தால் இதே கத்தி அவர்கள் பக்கம் திரும்பும். இன்னொன்று, திருத்தமே சொல்லும் சாட்சி. இரு தரப்பும் உட்கார்ந்து “10 என்பது 7.5” என்று எழுதியிருக்கிறார்கள். அப்போது நடப்பில் இருந்தது ஐந்தென்றால், காண்ட்ராக்டர் எதற்காக ஏழரைக்குப் பேரம் பேசிக் கையெழுத்துப் போட்டார்?

அதிலும் தெளியாவிட்டால் பொருள்கொள்ளும் விதிகளுக்குப் போகலாம். அச்சான படிவத்தில் கையால் எழுதிச் சேர்த்த சொல் அச்சை விடக் கனமானது. ஐயத்துக்கு இடமான வரி, அதை எழுதிக் கொடுத்தவருக்கு எதிராகப் படிக்கப்படும். கொட்டேஷன் காண்ட்ராக்டரின் லெட்டர்ஹெட்டில் இருப்பதால் அந்தச் சுமை அவருக்கு. எல்லாம் தோற்றால் கடைசி ஆயுதமாக ஒரு விதி உண்டு: ஒரே பத்திரத்தில் சேர்த்துப் படிக்கவே முடியாத இரண்டு ஷரத்துகள் இருந்தால் முந்தையது செல்லும். ஏஐஆர் 1959 தீர்ப்புத் தொகுப்பில் உள்ள ராதா சுந்தர் தத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லியிருக்கிறது. உயிலுக்கு இது நேர் எதிர். இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-ன் 88-வது பிரிவு, ஒன்றாக நிற்க முடியாத இரண்டு ஷரத்தில் கடைசியானதே செல்லும் என்கிறது. பாகப் பத்திரமும் உயிலும் ஒரே பெட்டியில் கிடக்கும் வீடுகளில் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு “பின்னால எழுதுனதுதான் செல்லும்” என்று தீர்ப்புச் சொல்லும் பெரியவர்கள் உண்டு. உயிலைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரி.

“கையெழுத்துப் போடும்போதே அஞ்சுன்னுதான் பேசினோம்” என்ற பேச்சைப் பொதுவாக ஏற்க முடியாது. எழுத்தில் இருக்கும் ஒப்பந்தத்தின் வாசகத்தை, அதற்கு முன்போ அப்போதோ பேசிய பேச்சால் முரண்படுத்த சாட்சிய அதிநியமத்தின் 95-வது பிரிவு விடாது. கையெழுத்துக்குப் பின்னால் பேசிய மாற்றம் வேறு. பதிவோ எழுத்தோ கட்டாயமில்லாத ஒப்பந்தத்தில் அதை நிரூபிக்க வழி உண்டு, ஆனால் நிரூபிப்பது சுலபமில்லை. இன்னொரு தடை, ஸ்டாம்ப். திருத்தம் போதிய முத்திரைத் தீர்வை இல்லாமல் வெள்ளைத் தாளில் இருந்தால், குறைவான தீர்வையும் அபராதமும் கட்டும்வரை அதை நீதிமன்றத்தில் சாட்சியமாக எடுக்க மாட்டார்கள்.

6. தீர்ந்ததை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்

கணக்கு ஒத்துவந்த அன்றே எழுதிவிட வேண்டும். அடுத்த பில்லில் இதே பேச்சு மறுபடி கிளம்பும். வாசகம் இப்படி இருக்கலாம்:

“10-1-2025 ஒப்பந்தம், அதன் பின்னிணைப்பு 2, 28-3-2025 திருத்தம் ஆகியவற்றில் பிடித்தம் குறித்த வாசகங்களுக்கு இரு தரப்பும் பின்வருமாறு பொருள்கொள்கிறோம். தள வேலையின் மதிப்பில் 5 சதவீதம், தளத்தை ஒப்படைத்த 90 நாளில் விடுவிப்பு. மற்ற எல்லா வேலையின் மதிப்பிலும், 31-3-2025 வரை சமர்ப்பித்த பில்களுக்கு 10 சதவீதமும் அதன் பின் சமர்ப்பிக்கும் பில்களுக்கு 7.5 சதவீதமும், வேலை முழுவதும் ஒப்படைத்த 12 மாதம் கழித்து விடுவிப்பு. இன்றுவரை பிடித்தத்தில் உள்ள தொகை ரூ. 3,35,000. இனி இந்த மூன்று ஆவணங்களுக்கும் இந்தத் தாளுக்கும் முரண்பாடு வந்தால் இந்தத் தாளே செல்லும்.”

விகிதம், எந்த வேலைக்கு, எதன் மேல், எந்தத் தேதி, இதுவரை நிற்கும் ரூபாய் என்று ஐந்தும் அதில் இருக்கட்டும். ரூபாயை எண்ணிலும் எழுத்திலும் போடுங்கள். கொட்டேஷனின் நான்காம் பக்கத்தில், அந்த வரியின் ஓரத்தில் “தள வேலைக்கு மட்டும்” என்று எழுதி இரு தரப்பும் சுருக்கொப்பம் இடுவது இன்னும் நல்லது. அடுத்த முறை கோப்பைத் திறப்பவர் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் காட்டுவார்.

ஒத்துவரவில்லை என்றால், சண்டையில் இருக்கும் தொகையை மட்டும் தனியே பிரியுங்கள். நாலாவது பில்லில் 65,000-மா 75,000-மா என்பதுதான் வழக்கென்றால் தகராறு வெறும் 10,000 ரூபாயில். அதற்காகப் பில் முழுவதையும் நிறுத்தி வைத்தால் தாமதத்துக்கான வட்டிப் பேச்சு உங்கள் மேல் வரும், தளம் பதிக்கும் ஆட்களும் வேறு வீட்டுக்குப் போய்விடுவார்கள். தகராறில்லாத தொகையை வங்கி வழியாகக் கொடுத்து, “பிடித்த விகிதம் குறித்த இரு தரப்பு உரிமைகளுக்கும் பாதகமின்றி” என்று ரசீதில் ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.